மணையில் அமர்த்திய இயந்திரம்

நான் மேலாளராகப் பணியாற்றிய விடுதியின் பின்கட்டில் ஒரு சிறிய அறை இருந்தது. முன்பு அங்கே விறகு அடுக்கிவைத்து, பெரிய செப்பு அண்டாவில் யாத்ரீகர்களுக்கு வெந்நீர் காய்ச்சுவோம். எண்பதுகளின் பிற்பகுதியில், அந்த அண்டாவை முற்றத்துக்கு அனுப்பிவிட்டு, கரி படிந்த சுவர்களுக்கு வெள்ளையடித்து, அந்த அறையைத் துணி துவைக்கும் அறையாக மாற்றினோம். அதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று மழை, மற்றொன்று குரங்கு.

மழையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசியும் கார்த்திகையும்தான் எங்கள் ஊரில் கூட்டம் பெருகும் மாதங்கள். மழை பெய்யும் மாதங்களும் அவையே. ஏரிக்கரையில் வெளுத்த விரிப்புகள் இரண்டு நாளானாலும் ஈரம் போகாமல் திரும்பி வரும். வானம் வெளுத்த நாள்களில் மொட்டை மாடியில் உலர்த்தலாமென்றால், மலையிலிருந்து இறங்கி வரும் குரங்குகள் தலையணை உறைகளைத் தம் உடைமையாகவே கருதின. ஒரு முறை எங்கள் விடுதியின் துவாலை ஒன்று எதிர்வீட்டு முருங்கை மரத்தின் உச்சியில் மூன்று நாள் கொடியைப் போலப் பறந்துகொண்டிருந்தது. தெருவில் போவோர் அதைப் பார்த்து, எங்கள் விடுதிக்கு வழி கேட்பவர்களிடம் அதையே அடையாளமாகக் காட்டினார்கள்.

முதலாளி சென்னையில் உறவினர் வீட்டில் ஒரு சலவை இயந்திரத்தைக் கண்டு வந்தார். வந்த அன்றே என்னை அழைத்தார்.

"மேனேஜரே, ரெண்டு தொட்டி வச்ச மிஷினு. ஒண்ணுல தொவைக்குது, ஒண்ணுல பிழியுது. பிழிஞ்சு எடுத்தா பாதி காஞ்ச மாதிரி கீது. நம்ம துண்டு, தலகாணி ஒறை, சிங்கிள் பெட்ஷீட்டு, அதுக்கெல்லாம் போதும். போர்வைங்க எப்பவும் போல ஏரிக்குப் போவட்டும். நீ இன்னா சொல்ற?"

நான் உடனே வாங்கலாம் என்றேன். அப்படிச் சொன்னதில் என் சொந்த விருப்பமும் கலந்திருந்ததை இன்று மறைக்கத் தேவையில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். நூலகத்தில் அமர்ந்து, அகராதியின் துணையோடு ஆங்கிலம் கற்றேன். அந்த இயந்திரத்தோடு ஓர் ஆங்கிலக் கையேடு வரும் என்று முதலாளி சொன்னபோது, அதை இந்த விடுதியில் படிக்கக்கூடியவன் நான் ஒருவனே என்ற எண்ணம் எனக்கு இனிப்பாக இருந்தது.

அறைக்குத் தரை போட்டோம். பழைய சிமெண்டுத் தரையைக் கொத்தியெடுத்து, சாம்பல் நிறத்தில் கறுப்பும் வெள்ளையும் புள்ளியிட்ட மொசைக் ஓடுகளைப் பதித்து, சுவரில் இடுப்புயரம் வரை வெள்ளைப் பளிங்கு ஓடுகளை ஒட்டினார்கள். கொத்தனாரிடம் முதலாளி ஒரே ஒரு கட்டளை இட்டார்: தண்ணீர் ஈசானிய மூலையில்தான் வெளியேற வேண்டும். கொத்தனாரும் அதை மறுக்கவில்லை. தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாட்டம், அதாவது சரிவு, கொடுத்து, மூலையில் ஒரு துளை வைத்து, அதன்மேல் சல்லடை மூடியும் பதித்தார். ஒரு சொம்பு தண்ணீரை எங்கே ஊற்றினாலும் அது நேராக ஈசானியத்தைத் தேடிச் சென்றது. முதலாளி மூன்று இடங்களில் ஊற்றிப் பார்த்து மகிழ்ந்தார்.

துணி உலர்த்துவதற்கு ஒரு சட்டத்தை வெல்டிங் பட்டறையில் செய்வித்தோம். இரண்டு பக்கமும் ஏணியைப் போல் சாய்ந்து நின்று உச்சியில் சேரும் சட்டம். பக்கத்துக்கு ஐந்து குறுக்குக் குழாய்கள். இரும்புக் குழாயில் ஈரத் துணியைப் போட்டால் துருக்கறை ஏறும் என்பதால், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பச்சை ரப்பர் குழாயை நீளவாக்கில் கீறி, ஒவ்வொரு குறுக்குக் கம்பிக்கும் உறையாக மாட்டினோம். கிழக்குச் சன்னலோரம் அதை நிறுத்தியதும் அறைக்கு ஒரு முகம் வந்துவிட்டது.

இந்த ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தபோதுதான், எங்களுக்குத் துணி வெளுத்துக் கொடுத்த தம்பதியரில் அந்த அம்மாள் ஒரு நாள் காலை என் மேசையின் முன் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். எப்போதும் கணவருக்குப் பின்னால் மூட்டையோடு வந்து, மூட்டையை வைத்துவிட்டுப் போய்விடுபவர், அன்று தனியாக வந்திருந்தார்.

"சார், அந்த மிஷினு ரூமுல என்னைப் போடுங்க. காயப்போடறேன், மடிக்கிறேன், தரையத் தொடைக்கிறேன். இந்தக் காலு இனிமே தண்ணில நிக்காது."

காலைச் சற்று முன்னே நீட்டிக் காட்டினார். விரல்களின் இடுக்குகளெல்லாம் வெளுத்து, வெடித்து, சிவந்திருந்தன. ஏரித் தண்ணீரில் காலையிலிருந்து உச்சிப்பொழுது வரை நின்றால் வரும் சேற்றுப்புண். அரசு மருத்துவமனையில் மருந்து கொடுத்து, காலை உலர வைக்காவிட்டால் மருந்து பயன்படாது என்று சொல்லிவிட்டார்கள்.

"மெட்டி கூட போட முடியலீங்க. போட்டா ரத்தம் வருது. கழட்டி இதோ வச்சிருக்கேன்," என்று முந்தானையின் முடிச்சைத் தொட்டுக் காட்டினார். "கட்டின புருசன் கல்லு மாதிரி இருக்கும்போது மெட்டி இல்லாம போறாளேன்னு கோயில் வாசல்ல ஒருத்தி கேட்டுட்டா."

அவர் கேட்டதை நான் முதலாளியிடம் சொன்னேன்.

"மிஷினு ஒழுங்கா ஓடிச்சின்னா அந்தம்மாவே இருக்கட்டும், நல்லவங்க. ஓடலன்னா ரூமு எதுக்கு, ஆளு எதுக்கு? மொதல்ல ஓட்டிக் காட்டு."

இவ்வாறாக, அந்த அம்மாளின் கால் அந்த இயந்திரத்தின் ஓட்டத்தில் மாட்டிக்கொண்டது.

ஆயுத பூசைக்கு இரண்டு நாள் முன்பு இயந்திரம் லாரியில் வந்து இறங்கியது. மரச்சட்டத்தை உடைத்து, வைக்கோலை அகற்றியபோது, வெள்ளையும் நீலமுமாக ஒரு பெட்டி வெளிப்பட்டது. உயரம் இடுப்பளவு, அகலம் உயரத்துக்குச் சற்றுக் குறைவு, முன்னும் பின்னுமான ஆழம் ஒரு முழத்துக்குச் சற்று அதிகம். மேலிருந்து திறக்கும் இரண்டு மூடிகள். இடப்பக்க மூடியின் கீழ் அகன்ற சதுரத் தொட்டி. அதன் அடியில் தட்டைப் போன்ற ஒரு சுழலி. வலப்பக்க மூடியின் கீழ் ஒரு குறுகிய உருளை, உடலெங்கும் சல்லடைத் துளைகளோடு. அதுவே பிழியும் தொட்டி. பின்விளிம்பில் உயர்ந்து நின்ற பலகையில் மூன்று குமிழ்கள்: துவைக்கும் நேரத்துக்கு ஒன்று, தண்ணீரை நிறுத்தவும் திறக்கவும் நடுவில் ஒன்று, பிழியும் நேரத்துக்கு ஒன்று. பக்கவாட்டில் அடியிலிருந்து யானைத் துதிக்கையைப் போல் மடிப்பு மடிப்பான ஒரு சாம்பல் குழாய் தொங்கியது. அழுக்குத் தண்ணீர் அதன் வழியே வெளியேறும். கீழே நான்கு சிறிய ரப்பர்க் கால்கள்.

கையேட்டை நான் இரண்டு இரவுகளில் படித்து முடித்தேன். உறுதியான, சமமான இடத்தில் இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்று அதில் இருந்தது. உறுதியான இடம் என்றால் எது? அத்தனை மதிப்புள்ள ஒரு பொருளை அழுக்குத் தண்ணீர் ஓடும் தரையில், மற்றவர் கால் படும் இடத்தில் வைப்பது முறையாகுமா? புதிதாக வீட்டுக்கு வரும் எதையும் வெறுந்தரையில் வைக்காத பழக்கம் நம்முடையது. எனவே தச்சரிடம் சொல்லி, தேக்கில் ஒரு பெரிய மணை செய்வித்தேன். அடியில் இரண்டு குறுக்குச் சட்டங்கள்; மேலும் கீழும் வழவழவென்று இழைத்து, வார்னிஷ் பூசி, கண்ணாடியாக மின்னியது. அதைத் தெற்குச் சுவரோரம் போட்டு, அதன்மேல் இயந்திரத்தை வடக்கு நோக்கி அமர்த்தினோம். உயரம் கிடைத்ததால் துதிக்கைக் குழாயும் நன்றாகக் கீழ்நோக்கி வளைந்தது. என் யோசனையின் சிறப்பை நானே வியந்துகொண்டேன்.

ஆயுத பூசையன்று முதலாளி தம் கையால் மாலை சூட்டினார். சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. சைக்கிள், ஜீப்பு என்றால் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கலாம்; இதற்குச் சக்கரம் இல்லை. ஆகவே பழத்தை வலப்பக்க மூடியின்மேல் வைத்தோம். அது உருண்டு கீழே விழுந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி உருண்டது. மூன்றாம் முறை அதன் கீழ் கொஞ்சம் சந்தனத்தை அப்பி நிறுத்தினேன்.

மின் இணைப்புக் கொடுத்த பாய், அந்தத் தெருவில் தலைமுறைகளாக இருப்பவர், கையில் டெஸ்டரோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எர்த் கம்பிக்குப் பின்புறம் தனிக்குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு மூடியிருந்தார்.

"மாப்பிள்ளைய மணையில ஒக்கார வச்சிட்டீங்க சார். பொண்ணு எங்க?"

"பொண்ணு நாந்தான் பாய், துணி எடுத்துக் குடுக்க வந்திருக்கேன்," என்றார் அந்த அம்மாள், துவாலைக் கூடையோடு. அவர் கணவர், "அப்ப நான் யாருமே?" என்று கேட்டார். "நீ மாமனாரு. போயி சோப்புத் தூளு எடுத்தா," என்றார் மனைவி.

மறுநாள் துவக்கினோம். தண்ணீர் நிரப்பி, தூள் போட்டு, துவாலைகளை இட்டு, இடக்குமிழைத் திருப்பினேன். அடித்தட்டு ஒரு முறை வலமாகச் சுற்றி, நின்று, இடமாகச் சுற்றியது. துணிகள் ஒன்றையொன்று துரத்தின. அழுக்கு கரைந்து தண்ணீர் காப்பி நிறமானது. எல்லோரும் குனிந்து பார்த்தோம். கணவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அடிக்கவே காணோமே. சும்மா கலக்கிக்கினு கீது, ஆனா போவுது அழுக்கு," என்று ஒப்புக்கொண்டார். நடுக்குமிழைத் திருப்பியதும் அழுக்குத் தண்ணீர் துதிக்கை வழியே இறங்கி, ஓடுகளின் மேல் வழிந்து, சொல்லி வைத்தாற்போல் ஈசானியத்தை அடைந்தது. இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசினோம்.

பின்பு துணிகளைக் கையால் எடுத்துப் பிழியும் தொட்டியில் போட்டேன். மெல்லிய பிளாஸ்டிக் தட்டை அவற்றின் மேல் அழுத்தி, மூடியை மூடி, வலக்குமிழைத் திருப்பினேன்.

முதலில் ஒரு முணுமுணுப்பு. பின்பு உறுமல். பின்பு தடதடவென்று ஓசை எழ, இயந்திரம் மணையோடு சேர்ந்து சுவரை விட்டு நகரத் தொடங்கியது. ஈரத்தரையில் வார்னிஷ் பூசிய மணை வழுக்கிக்கொண்டு, ஓர் உறுதியான தீர்மானத்தோடு, வடகிழக்கு நோக்கிச் சென்றது. நாங்கள் நால்வரும் பின்வாங்கினோம். இரண்டு முழம் போனதும் மின்கம்பி விறைத்து, பிளக் தானாகவே கழன்று விழுந்தது. இயந்திரம் பெருமூச்சு விட்டு நின்றது.

பாய்தான் முதலில் பேசினார்.

"நம்ம ஊருக்கு வந்தா யாரு சும்மா ஒக்காருவாங்க சார். இதுவும் மலை சுத்தக் கெளம்பிடுச்சி."

"மலை மேக்கால கீது பாய். இது ஈசானியத்துக்கில்ல போவுது," என்றார் கணவர்.

"வெளியூரு. வழி தெரியல."

சிரித்தோம். ஆனால் அந்த அம்மாள் சிரிக்கவில்லை. தரையில் சந்தனத்தோடு விழுந்து கிடந்த எலுமிச்சம்பழத்தையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் ஒரு வாரம் நான் பட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வோல்டேஜ் குறைவு என்று கருதி ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினோம். இயந்திரம் மேலும் சுறுசுறுப்பாக நடந்தது. பாய் மின்கம்பியை நீளமாக்கித் தந்தார். இயந்திரம் அதற்கேற்பக் கூடுதல் தூரம் சென்றது. கணவர் ஒரு பக்கமும் நான் மறுபக்கமுமாகக் கட்டிப் பிடித்துக்கொண்டோம்; எங்கள் பற்கள் கிடுகிடுத்தன, நான் பேசிய சொற்கள் துண்டு துண்டாக வெளிவந்தன. அந்தக் கோலத்தில் எங்களைக் கண்ட யாத்ரீகர் ஒருவர், யாரையோ விலக்கிவிட வந்தவர்போல் ஓடிவந்தார்.

அந்த வாரத்து வெள்ளிக்கிழமை, நான்கு விரிப்புகளை ஒரே கட்டாகச் சுருட்டிப் பிழியும் தொட்டிக்குள் திணித்தேன். அன்று அது நடக்கவில்லை; குதித்தது. முன்கால் ஒன்று மணையின் விளிம்பைத் தாண்டி இறங்கி, தரையில் மோதி, ஒரு மொசைக் ஓட்டை இரண்டாகப் பிளந்தது. சத்தம் கேட்டு முதலாளி மேல்துண்டோடு ஓடி வந்தார். பிளந்த ஓட்டைப் பார்த்தார். சாய்ந்து நின்ற இயந்திரத்தைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

"போதும் மேனேஜரே. திங்கக்கெழம லாரி வருது. வேலூருக்குப் பெரிய பொண்ணு வூட்டுக்கு அனுப்பிடலாம். அவுங்க வூட்டுத் தரையாவது தாங்குதான்னு பாக்கலாம். அந்தம்மாவ ஏரிக்கே போவச் சொல்லு."

அவர் போன பிறகு, கதவருகே நின்ற அந்த அம்மாளிடம் நான் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு, வலது காலின் விரல்களைச் சற்று விரித்துப் பார்த்துக்கொண்டார். அந்தச் சில நாள்களிலேயே, தரையைத் துடைத்து உலர்ந்த இடத்தில் ரப்பர்ச் செருப்போடு நின்றதால், வெடிப்புகளில் பாதி மூடியிருந்தன.

"சார், இன்னும் ரெண்டு நாளு கீதில்ல?"

"இருக்கிறதம்மா. ஆனால் கையேட்டில் உள்ளது அனைத்தும் செய்தாயிற்று."

"நான் ஒண்ணு கேக்கலாமா? திட்டக் கூடாது."

"கேளுங்கள்."

"ஏரில தொவைக்கிற கல்லு இருக்குதுல்ல, அத வெறுந்தரையில, மண்ணுல அழுத்தி வச்சி, ஆடற மூலைக்குச் சில்லு குடுத்துத்தான் நிறுத்துவோம். கல்லு ஆடிச்சின்னா துணியும் கிழியும், இடுப்பும் போவும். யாராச்சும் கல்லுக்கு அடியில மணை போடுவாங்களா? நான் மணை மேல நின்னு துணி பிழிஞ்சா நானுந்தான் வழுக்கிக்கினு போவேன்."

நான் மணையைத் திரும்பிப் பார்த்தேன்.

"அந்தப் பழமும் மொத நாளே சொல்லிச்சி சார். வச்ச எடத்துல நிக்கவேயில்ல. ரெண்டு வாட்டியும் ஒரே மூலைக்குத்தான் உருண்டுது. நீங்க சந்தனம் தடவிட்டீங்க."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, மணையின் அடியில் பார்த்தேன். அந்தச் சரிவு என் கண்ணுக்கு அதுவரை தெரியாமல் போனது எப்படி என்று இன்றும் வியக்கிறேன். முதலாளி மூன்று இடங்களில் தண்ணீர் ஊற்றி மகிழ்ந்தபோது பக்கத்தில் நின்று நானும் மகிழ்ந்தவன்தான். தண்ணீருக்குச் சரிவு நல்லது. சுழலும் தொட்டிக்கு அதுவே கேடு. அதன்மேல் நான் போட்டதோ வழுக்கும் பலகை.

அவர் கணவரையும் அழைத்து, மணையை உருவி எடுத்தோம். இயந்திரத்தின் நான்கு ரப்பர்க் கால்களும் முதன்முறையாக மொசைக் தரையைத் தொட்டன. கணவர் இடுப்பால் தள்ளிப் பார்த்தார், அது அசையவில்லை.

"புடிச்சிக்கிச்சிமே. செருப்புக் கணக்கா புடிச்சிக்கிச்சி."

அந்த அம்மாள் எலுமிச்சம்பழத்தை மூடியின் மேல் வைத்தார். பழம் முன்பக்கத்தின் இடது மூலையை நோக்கி உருண்டது, அதாவது ஈசானியத்தை நோக்கி. நான் கையேட்டை மறுபடி புரட்டினேன். முன்கால்கள் இரண்டும் மறையுள்ளவை, திருகினால் உயரும் என்று ஒரு சிறிய படம் இருந்தது. அதை நான் முன்பே படித்திருந்தேன். மணைக்கு அது தேவையில்லை என்று கடந்துவிட்டேன். கணவர் முன்விளிம்பைத் தூக்கிப் பிடிக்க, நான் தரையில் படுத்து முதலில் இடக்காலைத் திருகினேன்; பிறகு வலக்காலைச் சற்றுக் குறைவாக. பழம் வைத்தோம், உருண்டது, ஆனால் மெதுவாக. மேலும் ஒரு சுற்று. பழம் ஒரு முறை தள்ளாடியது. மேலும் அரைச் சுற்று.

பழம் நின்றது.

"இருங்க, இன்னும் ஒண்ணு கீது," என்றார் அந்த அம்மாள். ஈர விரிப்பு ஒன்றை எடுத்துத் தளர்வாகச் சுருட்டி, பிழியும் தொட்டியின் உட்சுவரை ஒட்டிப் பாம்பு படுப்பதுபோல் வட்டமாக விட்டார். இரண்டாவது விரிப்பை முதல் விரிப்பின் முனை முடிந்த இடத்திலிருந்து தொடங்கி மறுபடி வட்டமாக வைத்தார். "நீங்க எல்லாத்தயும் ஒரே பக்கமா அடச்சிட்டீங்க சார். தலையில மூட்ட வச்சாலும் ஒரு பக்கம் கனத்தா கழுத்து இழுக்கும். இதுக்கும் கழுத்துதான்." பிளாஸ்டிக் தட்டை மேலே அழுத்தி, மூடியை மூடி, என்னைப் பார்த்தார். நான் நகர்ந்து வழிவிட்டேன். வலக்குமிழை அவரே திருப்பினார்.

முணுமுணுப்பு எழுந்தது. தொட்டி மெல்ல வேகமெடுத்தது. ஒரு கணம் பெட்டி சிலிர்த்துக்கொண்டது. கணவர் கட்டிப்பிடிக்கத் தயாராக இரு கைகளையும் நீட்டினார். பிறகு சிலிர்ப்பு அடங்கி, வண்டு முரலுவதைப் போன்ற ஒரே சீரான ஓசை அறையை நிரப்பியது. துதிக்கையிலிருந்து தண்ணீர் தாரையாக வந்து, இழையாகி, சொட்டாகி நின்றது. இயந்திரம் நின்ற இடத்திலேயே நின்றது. அந்த அம்மாள் மூடியைத் திறந்ததும் உள்ளே சுழற்சி பிடித்து நிறுத்தியதுபோல் நின்றது. விரிப்பை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, என்னிடம் நீட்டினார். ஈரம் இருந்தது, பிழிந்தால் ஒரு சொட்டும் வராது.

அன்றும் மறுநாளும் எங்களுக்கு ஓய்வில்லை. பச்சைக் குழாய் மாட்டிய சட்டத்தின் பத்துக் கம்பிகளும் நிறைந்தன. வெளியே மழை பெய்துகொண்டிருக்க, உள்ளே சன்னல் காற்றில் விரிப்புகள் உலர்ந்தன. முதலாளி வெளியூர் போயிருந்தார்.

திங்கட்கிழமை காலை அவர் மண்டியிலிருந்து இரண்டு சுமை தூக்குவோரைக் கயிற்றோடு அழைத்துக்கொண்டு வந்தார். அறை வாசலில் நின்றவருக்கு முதலில் கண்ணில் பட்டது மடித்து அடுக்கிய துணிக் குவியல். அடுத்துப் பட்டது ஓடிக்கொண்டிருந்த இயந்திரம். அதன் மூடிமேல் எலுமிச்சம்பழம், ஏதும் தடவாமல்.

"இன்னா இது?" என்றார்.

நான்தான் பேச வேண்டும். உள்ளதைச் சொன்னேன்.

"முதலாளி, குறை இயந்திரத்தில் இல்லை. தரை சரிவானது. அதைப் பாராமல் மணை செய்து போட்டது என் யோசனை. சமமான இடம் வேண்டும் என்று கையேட்டில் இருந்ததை நான் படித்தேன். மரியாதை செய்வதாக எண்ணி மணையில் ஏற்றினேன். துணியை ஒரு பக்கமாக அடைத்தவனும் நானே. கண்டுபிடித்துச் சரிசெய்தவர் இந்த அம்மாள்."

அவர் நெடுநேரம் இயந்திரத்தைப் பார்த்தார். பிழிந்து முடித்து அது ஓய்ந்தது. பழம் ஆடாமல் இருந்தது. சுமை தூக்க வந்தவர்களில் ஒருவர் மெல்லக் கேட்டார்: "கயிறு வேணுமா, வேணாமாங்க?"

"இருப்பா." முதலாளி என் பக்கம் திரும்பினார். "மணை நீ போட்ட. மாலை யாரு போட்டது?"

"தாங்கள்தான்."

"ஈசானியத்துக்கு வாட்டம் வைக்கச் சொன்னது?"

அவரே சிரிக்கத் தொடங்கினார். வயிறு குலுங்க, மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ரெண்டு பெரிய மனுசங்க சேந்து ஒரு மிஷினுக்குக் கல்யாணம் பண்ணி ஊர்கோலம் விட்டுட்டோம். சரி. வேலூர்ல நான் இன்னா சொல்றது? மிஷினு வருதுன்னு பொண்ணுகிட்ட சொல்லிட்டேனே."

"மணைய அனுப்பிடுங்க," என்றார் அந்த அம்மாளின் கணவர்.

"வாய மூடுய்யா," என்றார் மனைவி. ஆனால் முதலாளி அதற்கும் சிரித்தார். போகும்போது, "ஏம்மா, தீபத்துக்கு அத்தினி ரூமும் ரொம்பும். தாங்குவியா?" என்று கேட்டார்.

"மிஷினு தாங்கும். நான் ஒக்காந்து மடிப்பேன்," என்றார் அவர்.

மணை வேலூருக்குப் போகவில்லை. மழைக்கால மாலைகளில் அந்த அம்மாள் அதைச் சன்னலருகே உலர்ந்த இடத்தில் போட்டு, அதில் அமர்ந்து தலையணை உறைகளை மடிப்பார். பிளந்த ஓட்டை மாற்ற முதலாளி இரண்டு முறை கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பினார்; கொத்தனார் வரவில்லை. நானும் நினைவூட்டவில்லை. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அதைக் காட்டி, மணைக் கதையை நானே சொல்வது வழக்கமாயிற்று. பாய் இருந்தால் மலை சுற்றிய பகுதியை அவர் எடுத்துக்கொள்வார்.

தீபத் திருவிழா வந்தது. அறைகள் எல்லாம் நிரம்பி, வராந்தாவிலும் ஆள்கள் படுத்தார்கள். இயந்திரம் காலை தொடங்கி மாலை வரை ஓடியது. போர்வை மூட்டைகளோடு கணவர் ஏரிக்கும் விடுதிக்குமாக நடந்தார். தீபம் ஏற்றும் நாள் பிற்பகல், நான் மேசையில் அமர்ந்து அறை கேட்டு வந்தவர்களுக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்கட்டிலிருந்து ஓர் ஒலி கேட்டது. மொசைக் தரையில் வெள்ளி தட்டும் சிறிய, கூர்மையான ஒலி. நான்கைந்து அடி, ஒரு நிறுத்தம், மறுபடி நான்கைந்து அடி. சட்டத்துக்கும் இயந்திரத்துக்கும் இடையே யாரோ நடக்கிறார்கள்.

எழுந்துபோய் வாசலில் நின்றேன். அந்த அம்மாள் விரிப்பு ஒன்றை உதறிக் கம்பியில் போட்டுக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றி மூலையில் வைத்திருந்தார். ஆறிய விரல்களில் மெட்டி. தரை நன்றாகத் துடைத்து உலர்ந்திருந்தது.

"செருப்பு எங்கேயம்மா?"

"இன்னிக்கு ஒரு நாளு இருக்கட்டும் சார்," என்றார், அடுத்த விரிப்பை எடுத்துக்கொண்டே. "செருப்புப் போட்டா சத்தம் கேக்காது."